பழகாத கண்ணாடியா, பொருந்தாத கண்ணாடியா?

அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாக ப்ராக்ரஸிவ் கண்ணாடி வாங்குகிறவர்களுக்குக் கடையில் தவறாமல் சொல்லி அனுப்பும் ஒரு வாசகம் உண்டு: “ரெண்டு வாரம் விடாம போடுங்க, பழகிடும்.” பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் அளவெடுத்ததில் நேர்ந்த பிழைக்கும் இதே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கண் மருத்துவமனையை ஒட்டிய கடையில் கண்ணாடி பொருத்தும் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: எது நாள்பட்டால் சரியாகும், எது எத்தனை நாள் ஆனாலும் சரியாகாது என்பதைக் கண்ணாடி போடுகிறவரே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு லென்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

கோடு இல்லை, ஆனால் எல்லை உண்டு

பைஃபோகல் லென்ஸில் தூரத்துக்கு ஒரு பவர், படிக்க ஒரு பவர், நடுவே கண்ணுக்குத் தெரியும் கோடு. ப்ராக்ரஸிவ் லென்ஸில் அந்தக் கோடு கிடையாது. மேலே தூரத்துப் பவர். கண்மணிக்கு நேராக உள்ள இடத்திலிருந்து கீழே இறங்க இறங்கப் பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அடியில் படிக்கிற பவரில் போய் முடியும். நடுவில் உள்ள பகுதி சமையல் மேடை, கம்ப்யூட்டர் திரை, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் ஆகியவற்றுக்கு. பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் மேத்னாஸ் உருவாக்கி 1959இல் சந்தைக்கு வந்த ‘வேரிலக்ஸ்’தான் இந்த வகையில் முதலில் வெற்றி பெற்ற லென்ஸ். அதன் பிறகு வடிவமைப்பு எவ்வளவோ மாறிவிட்டது. ஒரு சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பவர் ஏறுகிற இந்தப் பாதை தெளிவாக இருப்பது நடுவில் மட்டும்தான். ஒற்றையடிப் பாதை மாதிரி, இரண்டு பக்கமும் கால் தவறினால் கலங்கல். இது தயாரிப்பில் உள்ள குறை அல்ல, வளைபரப்பின் கணிதம். ஜெர்மானியக் கணித அறிஞர் மின்க்விட்ஸ் 1963இல் இதை நிறுவினார். பாதை நெடுக பவர் எந்த வேகத்தில் ஏறுகிறதோ, அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் கலங்கல் ஏறும். வடிவமைப்பாளர்கள் அந்தக் கலங்கலை எங்கே தள்ளுவது, எப்படிப் பரப்புவது என்று தீர்மானிக்கலாம். அதை ஒழித்துவிட முடியாது. விலை உயர்ந்த லென்ஸில் கலங்கலே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வயதானவருக்குப் பாதை குறுகல்

சீட்டில் தூரத்துப் பவருக்குக் கீழே ‘ஆட்’ என்று ஓர் எண் எழுதியிருக்கும். படிப்பதற்காகத் தூரத்துப் பவரோடு கூட்ட வேண்டிய அளவு அது. வெள்ளெழுத்து தொடங்கும் நாற்பதுகளில் இது +1.00 அளவில்தான் இருக்கும். மீதியைக் கண்ணே சமாளித்துக்கொள்ளும். அறுபதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிவிடுகிறது. கண்புரை அறுவை செய்து சாதாரணச் செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கோ, கண்ணுக்குக் குவியத்தை மாற்றும் திறனே இல்லை. 40 செ.மீ. தூரத்தில் வைத்துப் பேப்பர் படிக்க 2.50 பவர் தேவை என்றால், அத்தனையையும் கண்ணாடிதான் தர வேண்டும். ஆகவே ‘ஆட்’ +2.50 ஆகிவிடுகிறது.

இப்போது மின்க்விட்ஸ் சொன்னதை வைத்துக் கணக்குப் போடுவோம். பவர் ஏறும் பாதையின் நீளம் 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ‘ஆட்’ +1.00 உள்ளவருக்கு அரை பவருக்கு மேல் கலங்காத தெளிவான அகலம், பாதையின் நடுவில் ஏறத்தாழ 7 மி.மீ. கிடைக்கும். அதே லென்ஸை +2.50 உள்ளவருக்குச் செய்தால் அது ஏறத்தாழ 3 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். நாற்பத்திரண்டு வயதில் ப்ராக்ரஸிவ் போட ஆரம்பித்தவர் அகலமான பாதையில் பழகி, ஆண்டுகள் போகப் போக அது குறுகுவதோடு கூடவே பழகிக்கொள்கிறார். அறுபத்தைந்தில் முதல் முறை போடுகிறவர் நேராகவே அந்தக் குறுகலான பாதையில் இறங்குகிறார். “என் தம்பி ஒரே நாள்ல பழகிட்டான், எனக்கு மட்டும் ஏன் முடியலை?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மூன்று மி.மீ. அகலமுள்ள பாதையில் ஒரு மி.மீ. பிழை பெரிய பிழை. அதனால்தான் இந்த வயதில் அளவெடுப்பது அவ்வளவு முக்கியமாகிறது.

ஃப்ரேம்: உயரம்தான் முதல் கேள்வி

ஃப்ரேமின் காதுக் கம்பிக்கு உட்புறத்திலோ மூக்குப் பாலத்திலோ 52□18 140 என்பது போன்ற எண்கள் இருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரண்டு லென்ஸுக்கும் இடையிலுள்ள மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது காதுக் கம்பியின் நீளம். எல்லாம் மி.மீ. கணக்கு. ப்ராக்ரஸிவுக்கு மிகவும் தேவைப்படுகிற அளவு, அதாவது லென்ஸின் மேலிருந்து கீழ் உயரம், பெரும்பாலும் அங்கே எழுதியிருக்காது. ஸ்கேல் வைத்து அளந்துதான் பார்க்க வேண்டும்.

கண்மணிக்குக் கீழே குறைந்தது 18 மி.மீ. இருந்தால் 14 மி.மீ. பாதையும், அதற்கு அடியில் படிக்கிற பகுதிக்குக் கொஞ்சம் இடமும் கிடைக்கும். கண்மணிக்கு மேலே 10 முதல் 12 மி.மீ. வரை தூரப் பார்வைக்கு வேண்டும். கூட்டினால் லென்ஸின் உயரம் கிட்டத்தட்ட 30 மி.மீ. அதற்குக் குறைந்த ஃப்ரேம் என்றால் ‘ஷார்ட் காரிடார்’ என்ற குட்டைப் பாதை லென்ஸ் போடலாம் என்பார்கள். போடலாம்தான். ஆனால் பாதையை 14லிருந்து 11 மி.மீ. ஆகக் குறைத்தால் அதே பவர் இன்னும் வேகமாக ஏற வேண்டியிருக்கும். மூன்று மி.மீ. அகலம் இரண்டேகாலுக்குக் குறைந்துவிடும். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று பேத்தி தேர்ந்தெடுத்த சின்ன ஃப்ரேமுக்குத் தாத்தா கொடுக்கும் விலை இது.

பெரிய ஃப்ரேமாகப் பார்த்து வாங்கிவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. லென்ஸ் அகலமாக ஆக, ஓரத்தில் உள்ள கலங்கலும் சேர்ந்து கண் முன்னே வரும். எடை கூடி மூக்கில் சறுக்கும். பைலட் கண்ணாடி போன்ற வடிவங்களில் இன்னொரு தொல்லை: மூக்குப் பக்கத்துக் கீழ்மூலை சரிவாக வெட்டப்பட்டிருக்கும். படிக்கும்போது இரண்டு கண்ணும் மூக்கை நோக்கித் திரும்புவதால், படிக்கிற பகுதி லென்ஸில் 2.5 மி.மீ. அளவுக்கு அந்தப் பக்கம் தள்ளித்தான் வைக்கப்பட்டிருக்கும். அந்த மூலையை வெட்டினால் படிக்கிற இடமும் வெட்டுப்படும்.

முதல் முறை போடுகிறவருக்கு நான் எடுத்துக் காட்டுவது 30 முதல் 35 மி.மீ. வரை உயரமுள்ள, முகத்தைவிட அகலம் போகாத, தனியாக நோஸ் பேட் வைத்த மெட்டல் ஃப்ரேம். நோஸ் பேடை நெருக்கினால் ஃப்ரேம் மேலே ஏறும், விலக்கினால் கீழே இறங்கும். பின்னால் ஒன்றிரண்டு மி.மீ. திருத்தம் தேவைப்பட்டால் அது கைகொடுக்கும். மூக்கோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் ஃப்ரேமில் அந்த வசதி இல்லை.

‘ஃபிட்டிங் ஹைட்’ எடுக்கும் முறை

ஃபிட்டிங் ஹைட் என்பது கண்மணியின் நடுவிலிருந்து லென்ஸின் மிகத் தாழ்ந்த மட்டம் வரை உள்ள உயரம். அதை எடுப்பதற்கு முன்பே ஃப்ரேமை முகத்தில் சரியாக உட்கார வைத்துவிட வேண்டும். காதுக்குப் பின்னால் கம்பியை வளைப்பது, நோஸ் பேடைத் திருத்துவது எல்லாம் முதலில். அளவெடுத்த பிறகு ஃப்ரேமைத் திருத்தினால் எடுத்த அளவு வீண்.

பிறகு அளவெடுப்பவர் உங்களுக்கு நேரெதிரே, தன் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்துப் புள்ளி வைத்தால் அளவு தவறும். நீங்கள் வழக்கமாகத் தலையை வைத்திருப்பது போல் இயல்பாக வைத்து, அவர் கண்ணையே பாருங்கள். ஃப்ரேமில் இருக்கும் மாதிரி லென்ஸில், இரண்டு கண்மணிக்கும் நேராகத் தனித்தனியே மார்க்கரால் புள்ளி வைப்பார். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி நீங்களே மாட்டிக்கொண்டு, புள்ளி அதே இடத்தில் நிற்கிறதா என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணுக்கும் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மி.மீ. வித்தியாசம் வெகு சாதாரணம்.

அதோடு பி.டி. என்ற அளவும் வேண்டும். மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்மணியும் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது அது. மொத்தத்தை எடுத்து இரண்டால் வகுத்துவிடக் கூடாது. பலருக்கு மூக்கு முகத்தின் நட்டநடுவில் இருப்பதில்லை.

ஆர்டர் சீட்டில் வலது, இடது என்று பிரித்து நான்கு எண்கள் இருக்க வேண்டும்: இரண்டு பி.டி., இரண்டு உயரம். உயரம் எழுதாமல் ஆர்டர் போனால், லென்ஸ் ஏதோ ஒரு பொது அளவில்தான் வரும்.

ஒருவருக்கு நடந்தது

இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்த, அறுபத்து நான்கு வயதான ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், வேறொரு கடையில் செய்த ப்ராக்ரஸிவ் கண்ணாடியோடு வந்தார். ‘ஆட்’ +2.50. வாங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் பேப்பர் படிக்க முடியவில்லை. “தூரத்துல பஸ் போர்டு எல்லாம் நல்லாத் தெரியுது சார். படிக்கணும்னாதான் மூஞ்சியை வானத்தைப் பார்த்துத் தூக்க வேண்டியிருக்கு. கழுத்து விட்டுப்போகுது. கேட்டா, பழகிடும்னு சொல்லிட்டாங்க.”

பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முகவாயைத் தூக்கினார். பேப்பரையும் நேராகப் பிடிக்காமல் சற்றே வலப்பக்கம் நகர்த்திப் பிடித்தார். இந்த இரண்டு அசைவுகளே பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டன.

“தலையை நேரா வெச்சுக்கிட்டு, கண்ணாடியை மட்டும் ரெண்டு விரலால லேசா மேல தூக்குங்கய்யா.” தூக்கினார். “அட, தெரியுதே!” என்றார். லென்ஸின் படிக்கிற பகுதி அவர் கண்ணுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது என்பது அதிலேயே உறுதியாகிவிட்டது.

அடுத்து லென்ஸை அளந்தேன். ப்ராக்ரஸிவ் லென்ஸில் கண்ணுக்கு எளிதில் படாத பொறிப்புகள் இருக்கும்: 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிறு குறிகள், காதுப்பக்கக் குறிக்குக் கீழே ‘ஆட்’ எண். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அவற்றை வைத்து, அந்தந்த லென்ஸ் நிறுவனத்தின் அட்டவணைப்படி, கண்மணிக்கு நேரே வர வேண்டிய சிலுவைக் குறியை மறுபடி வரைந்துகொள்ளலாம். வரைந்து மாட்டிப் பார்த்தால் இரண்டு கண்ணிலும் சிலுவை கண்மணிக்கு 4 மி.மீ. கீழே நின்றது. லென்ஸ் செய்திருந்தது 20 மி.மீ. உயரத்துக்கு. அவர் முகத்தில் ஃப்ரேம் உட்கார்ந்திருந்த நிலையில் கண்மணியின் உயரம் 24.

நாலு மி.மீ. எப்படி வந்தது? ஃப்ரேம் 54 மி.மீ. அகலம், 38 மி.மீ. உயரம். அவருக்குப் பெரியது. கம்பி தளர்ந்து மூக்கில் இறங்கியிருந்தது. கம்பியின் நுனியை வளைத்து, நோஸ் பேடை நெருக்கியதும் 2 மி.மீ. மேலே ஏறியது. முகவாயைத் தூக்குவது பாதியாகக் குறைந்தது. கண் சுழலும் மையம் லென்ஸுக்கு ஏறக்குறைய 27 மி.மீ. பின்னால் இருப்பதால், உயரத்தில் ஒவ்வொரு மி.மீ. பிழைக்கும் தலையை இரண்டு டிகிரி தூக்க வேண்டிவரும். நாலு மி.மீ. என்றால் எட்டு டிகிரிக்கு மேல். ஒரு மணி நேரம் அப்படிப் பேப்பர் படித்தால் கழுத்து வலிக்கத்தானே செய்யும்?

மீதி 2 மி.மீ. ஆர்டரிலேயே இருந்த பிழை. பேப்பரை வலப்பக்கம் பிடித்ததற்கும் காரணம் கிடைத்தது. அவருக்கு மொத்த பி.டி. 64. ஆனால் வலது 31, இடது 33. லென்ஸில் 32, 32 என்று பாதிப் பாதியாகப் பிரித்திருந்தார்கள். அதனால் இரண்டு பாதையும் ஒரு மி.மீ. வலப்பக்கம் தள்ளி நின்றன. லென்ஸில் ஒரு மி.மீ. என்பது பேப்பரில் ஒன்றரை செ.மீ.

இந்த இரண்டு பிழைகளையும் எந்தத் திருத்தத்தாலும் சரிசெய்ய முடியாது. லென்ஸைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அவர் அளவுச் சீட்டோடு பழைய கடைக்கே போய், 22 மி.மீ. உயரமும் 31, 33 பி.டி.யும் எழுதி மாற்றி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவருக்கு மிச்சமிருந்தது நிஜமாகவே பழக வேண்டியது மட்டும்தான்.

கடையை விட்டு வெளியே வரும் முன்

புது லென்ஸில் மஞ்சள் அல்லது வெள்ளை மையில் வட்டங்கள், கோடுகள், நடுவே சிலுவைக் குறி அச்சிட்டிருக்கும். சாதாரணமாக அதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். “துடைக்காம ஒரு தடவை மாட்டிப் பார்க்கணும்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைக்காரர் நேரெதிரே உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு சிலுவையும் இரண்டு கண்மணியின் நடுவில் விழ வேண்டும். துடைத்த பிறகு, தலையை நேராக வைத்துச் சாலைக்கு எதிரே உள்ள பலகையைப் படியுங்கள். தலையைக் குனிந்தால்தான் தெளிகிறது என்றால் லென்ஸ் உயரமாகச் செய்யப்பட்டிருக்கிறது. அப்போது கண்ணாடியை மூக்கில் லேசாகக் கீழே இறக்கினாலே தெளிந்துவிடும். அடுத்து புத்தகத்தை 40 செ.மீ. தூரத்தில் பிடித்துக் கண்ணை மட்டும் தாழ்த்திப் படியுங்கள். கண்ணாடியைத் தூக்கினால்தான் தெரிகிறது என்றால் தாழ்ந்திருக்கிறது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, இரண்டும் ஒரே இடத்தில் பேப்பரை வைத்துப் படிக்கிறதா என்றும் பாருங்கள். சரிவராவிட்டால் எத்தனை நாளுக்குள் லென்ஸை மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கட்டும்போதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முதல் சில நாட்கள் தொல்லை இருக்கும். தலையைத் திருப்பும்போது ஓரங்கள் அலை போல் ஆடும். தரை கொஞ்சம் சரிந்தது போலத் தோன்றும். பக்கத்தில் இருப்பவர் முகம் மங்கலாக இருக்கும். இவைதான் பழகக்கூடியவை. கண்ணை ஓரத்துக்கு ஓட்டாமல், எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி மூக்கைத் திருப்புங்கள். படிக்கத் தலையைக் குனியாமல் கண்ணைத் தாழ்த்துங்கள். படி இறங்கும்போது மட்டும் இதற்கு நேர்மாறு: முகவாயைத் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால், 40 செ.மீ. தூரத்துக்கான பவரில் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் படி மங்கலாகத்தான் தெரியும். காலையிலேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடிப் பழகுங்கள். ஆட்டம் அடங்கும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். நடுநடுவே பழைய கண்ணாடிக்கு மாறினால் பழகுவது தள்ளிப்போகும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் இது அடங்கிவிடுகிறது. நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் நாள் தூக்கிய முகவாயைப் பத்தாம் நாளும் அதே அளவு தூக்கினால், அது பழக்கம் சம்பந்தப்பட்டதல்ல.

எல்லாருக்கும் ஏற்றதா?

இல்லை. நடையில் தள்ளாட்டம் உள்ளவர்கள், ஏற்கெனவே விழுந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதற்கு மாற வேண்டாம். பல பவர் கொண்ட கண்ணாடி போடும் முதியவர்களுக்கு வெளியே நடப்பதற்கென்று தூரத்துப் பவர் மட்டும் உள்ள தனிக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. அடிக்கடி வெளியே போய் வருபவர்கள் விழுவது அதனால் குறைந்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாதவர்களுக்கோ வெளியே விழுவது கூடியது. கண்ணாடி மாற்றுவது நம் நடமாட்டத்தைப் பொறுத்தது என்பது அதிலிருந்து தெரிகிறது. தினமும் நடைப்பயிற்சி, பஸ் பயணம் என்று இருப்பவர் தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது பயன்தரும்.

படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் படிப்பவர்களுக்கும், தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து வேலை செய்பவர்களுக்கும் ப்ராக்ரஸிவ் ஒத்துவராது. படிக்கிற பவர் எப்போதும் லென்ஸின் அடியில்தான் இருக்கிறது, அவர்களுக்கு அது வேறு இடத்தில் வேண்டும். உயரமும் பி.டி.யும் சரியாக இருந்து, ஃப்ரேமும் சறுக்காமல் உட்கார்ந்து, இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் முடியவில்லை என்றால் பைஃபோகலுக்கோ இரண்டு தனிக் கண்ணாடிக்கோ திரும்பிவிடலாம். அந்த முடிவை எடுக்கும் முன், ஆர்டர் சீட்டில் அந்த நான்கு எண்கள் இருக்கின்றனவா என்று மட்டும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.